நீண்ட கோரிக்கை மெயில்: 14 புல்லட் போட்டேன், ஒன்றுக்குத்தான் பதில் வந்தது

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். கனடா விண்ணப்பத்துக்காக என் பட்டப்படிப்பை டபிள்யூ.இ.எஸ் மூலம் மதிப்பீடு செய்யணும். டிரான்ஸ்கிரிப்டை நான் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள், படித்த பல்கலைக்கழகமே நேரடியாக அவர்களுக்கு அனுப்பணும். நான் இருப்பது புனேயில். நேரில் போக வழியில்லாததால் தேர்வுப் பிரிவுக்கு மெயில் போட்டேன்.

முதல் மெயில் ஒரே பத்தியாக நாற்பது வரி. மூன்று வாரம் பதிலே இல்லை. படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று இரண்டாவதை முழுக்க புல்லட்டாக மாற்றினேன், மொத்தம் 14. இரண்டே நாளில் பதில் வந்தது: "பட்டச் சான்றிதழ் நகலை அனுப்பவும்." நகலை அதே மெயிலில் இணைத்திருக்கிறேன், பதினொன்றாவது புல்லட்டில் சொல்லியும் இருக்கிறேன்! கட்டணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நடுவிலிருந்து கொஞ்சம்:

• 2014 முதல் 2017 வரை பி.எஸ்சி கணிதம் படித்தேன்
• திருமணத்துக்குப் பிறகும் பெயர் மாறவில்லை
• கட்டணம் எவ்வளவு, எப்படிக் கட்டுவது, எத்தனை நாளாகும்?
• என் குறிப்பு எண்ணை உறையின் மேல்
• முன்பே ஒரு மெயில் அனுப்பினேன், பதில் இல்லை

எங்கே தப்பு?

கண்மாய்_மேடு:

அம்மா, அலுவலகத்துக்கு எழுதும்போது புள்ளி போடுவதே தப்பு. மேலதிகாரிக்கு மளிகைச் சீட்டு கொடுக்கிற மாதிரி இருக்கும். பழைய முறைப்படி "பொருள்", "பார்வை" என்று போட்டு, கீழே பத்தியாக மரியாதையாக எழுதுங்கள். பொருள் வரியில் பதிவு எண் இருக்கட்டும், எடுத்துப் பார்ப்பவருக்கு அதுதான் முதலில் வேண்டும்.

மாடிவீடு 3பி:

புல்லட் சரியாக வரவில்லை என்றால் வேர்டிலிருந்து ஒட்டாதீர்கள், சில நேரம் புள்ளிக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஜிமெயிலிலேயே `Ctrl+Shift+8` அழுத்துங்கள். எண் வேண்டுமென்றால் `Ctrl+Shift+7`.

வைகைக்கரை:

நன்றி, ஆனால் புள்ளி சரியாகத்தான் தெரிகிறது. எதற்குப் போடணும், எதற்குப் போடக்கூடாது என்பதுதான் என் குழப்பம்.

பழைய பிரிவு எழுத்தர்:

ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் இப்படிப்பட்ட மெயில்களுக்குப் பதில் போட்டிருக்கிறேன். உங்கள் மெயிலைத் திறந்தால் என் கண் என்ன செய்யும் என்று சொல்கிறேன்.

புள்ளி தெரிந்தாலே "இதில் நான் ஏதோ செய்யணும்" என்று கை நின்றுவிடும். நீங்கள் காட்டியதில் முதல் புள்ளி உங்கள் படிப்பு வருடம். செய்ய ஒன்றுமில்லை. அடுத்தது பெயர் மாறாத கதை, அதிலும் ஒன்றுமில்லை. நாலைந்து தாண்டியதும் கண் வழுக்க ஆரம்பிக்கும். அப்புறம் பழக்கத்தில் இருப்பதைக் கேட்டுப் பதில் போட்டுவிடுவோம்: நகலை அனுப்பவும். உங்களுக்கு வந்தது அந்தப் பதில்தான்.

14 புள்ளியையும் ஒரு தாளில் எழுதி, அவர் பதில் சொல்ல வேண்டியது எது என்று மட்டும் வட்டம் போடுங்கள். மூன்று தேறும். அந்த மூன்றுக்கு மட்டும் பட்டியல். மற்றவை பத்திக்குள் போகட்டும். இணைப்புகளுக்குக் கடைசியில் ஒரே வரி போதும். புள்ளியைவிட எண் நல்லது, "2-க்கு: ஆன்லைனில் மட்டும்" என்று அவர் சுருக்கமாகப் பதில் எழுத முடியும்.

ஒரு எண்ணில் ஒரே கேள்வி. "எவ்வளவு, எப்படி, எத்தனை நாள்" என்று மூன்றையும் ஒரே புள்ளியில் அடைத்தால் முதலாவதற்குத்தான் பதில் வரும்.

இன்னொன்று தமிழில் எழுதும்போது மட்டும் வரும் சிக்கல். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "உறையின் மேல்" என்று புள்ளியை நிறுத்திவிட்டீர்கள், எழுதணுமா, ஒட்டணுமா, அச்சடிக்கணுமா? மேலே "கீழ்க்கண்டவற்றைத் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று வாக்கியத்தை முழுதாக முடித்துவிடுங்கள். கீழே வெறும் பெயர்ச்சொல்லாக வரட்டும்: கட்டணம், செலுத்தும் வழி, ஆகும் நாள்கள். "கட்டணத்தை" என்று "ஐ" போட்டால் வரி அந்தரத்தில் தொங்கும். வரியின் தொடக்கத்திலேயே விஷயம் இருக்கணும். போனில் படிக்கிறவர் இடது ஓரத்தைத்தான் மேய்வார்.

கண்மாய்_மேடு ஐயா சொன்ன பொருள் வரி மிகச் சரி. ஆனால் பட்டியல் மரியாதைக் குறைவு என்பதை நான் ஏற்கவில்லை. அரசுக் கடிதத்திலேயே பார்வைக்குக் கீழே 1, 2, 3 என்றுதானே வரிசைப்படுத்துகிறோம்?

மாடிவீடு 3பி:

அப்படியென்றால் என் கதை? நான் குடியிருப்புச் சங்கச் செயலாளர். கட்டுநருக்குக் குறைகள் எழுதணும், மொத்தம் 23. மூன்றாகக் குறைக்க முடியாது.

பழைய பிரிவு எழுத்தர்:

குறைக்க வேண்டாம், மெயிலிலிருந்து வெளியே எடுங்கள். வீட்டு எண், இடம், குறை, படம் என்று ஒரு ஷீட்டாக இணைத்துவிடுங்கள். மெயிலில் அவசரமானவை மட்டும் இருக்கட்டும். ஒழுகும் குழாயும் லிஃப்ட் கதவும் 23-இல் ஒன்றாகப் போனால், பெயிண்ட் உரிந்ததைச் சரிசெய்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள்.

வைகைக்கரை:

இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

> பொருள்: பி.எஸ்சி கணிதம் 2014–2017, பதிவு எண் ____, டிரான்ஸ்கிரிப்ட் கோருதல்
>
> ஐயா,
> 2017-இல் பட்டம் முடித்த நான் கல்வி மதிப்பீட்டுக்காக டிரான்ஸ்கிரிப்ட் கோருகிறேன். பல்கலைக்கழகமே அதை உறையிட்டு மதிப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. தாங்கள் கேட்ட பட்டச் சான்றிதழ் நகலை மீண்டும் இணைத்துள்ளேன். கீழ்க்கண்டவற்றைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> 1. தபால் செலவு உட்பட மொத்தக் கட்டணம்
> 2. செலுத்தும் வழி (டிடி அல்லது ஆன்லைன்)
> 3. பணம் கட்டியபின் அனுப்ப ஆகும் நாள்கள்
> 4. உறையின் மேல் குறிப்பு எண்ணை எழுதவும்
>
> இணைப்பு: பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், மதிப்பீட்டு நிறுவனப் படிவம்

பழைய பிரிவு எழுத்தர்:

நன்றாக இருக்கிறது. நாலாவதை மட்டும் எடுத்துவிடுங்கள். முதல் மூன்றும் அவர் தெரிவிக்க வேண்டியவை, நாலாவது அவர் செய்ய வேண்டியது. மேல் வாக்கியத்தோடு அது ஒட்டவில்லை. அதோடு இன்று பதில் போடுபவர் வேறு, பிற்பாடு உறை ஒட்டுபவர் வேறு. பட்டியலுக்குக் கீழே தனி வரியாக, எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்: "உறையின் மேல் எழுத வேண்டிய குறிப்பு எண்: ____". பணம் கட்டிவிட்டு அனுப்பும் மெயிலிலும் அதே வரியைத் திரும்பப் போடுங்கள்.

கண்மாய்_மேடு:

எண் போட்டது பார்க்க அடக்கமாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய மெயிலுக்கே பதிலாக அனுப்பாதீர்கள் அம்மா, புதிதாக அனுப்புங்கள். பழைய 14 புள்ளியும் அடியில் தொங்கினால் எதைப் படிப்பது என்று மறுபடி குழம்புவார்கள்.

பழைய பிரிவு எழுத்தர்:

இதில் எனக்கு வேறு கருத்து. அவர் ஏற்கெனவே ஒரு பதில் போட்டிருக்கிறார், அதே தொடரில் போனால் அவர் கண்ணிலேயே படும். புதிதாகப் போனால் வேறொருவர் எடுத்து, நகலை அனுப்பவும் என்று மறுபடி ஆரம்பிக்கலாம். தொடரிலேயே அனுப்பி, கீழே ஒட்டி வரும் பழைய மெயிலை மட்டும் அழித்துவிடுங்கள்.

வைகைக்கரை:

நாலாவதை எடுத்துத் தனி வரியாக்கிவிட்டேன். தொடரிலேயே பதிலாக, பழையதை அழித்துவிட்டு இன்று காலை அனுப்பினேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் கண்மாய்_மேடு ஐயா சொன்னபடி புதிதாக ஒன்று அனுப்புகிறேன். என்ன வந்தாலும் இங்கே எழுதுகிறேன்.