புதுப்பிப்பு: இணைந்த கட்டம் தொலையாமல் விக்கிக்கு

முன்பு கேட்டது: "ஹெச்டிஎம்எல் அட்டவணையை மார்க்டவுன் வழியாக விக்கிக்கு மாற்றினால் `rowspan` போய், பத்திகள் இடம் மாறுகின்றன. என்ன செய்வது?"

நடுவில் மார்க்டவுனை விட்டதும் சரியானது. அதன் வழக்கமான குழாய்க்கோட்டு அட்டவணையில் கட்டங்களை இணைக்க வழியே இல்லை என்று அனுபவசாலி ஒருவர் சொன்னார். நேராக விக்கிக் குறியீட்டிலேயே எழுதினேன்:

```
{| class="wikitable"
| rowspan="2" | மதுரை
| காலை || 6:10
|-
| மாலை || 5:40
|}
```

இரண்டாம் வரிசையில் இரண்டே கட்டங்கள். மதுரைக்காக வெற்றுக் கட்டம் ஒன்று சேர்த்தால் மாலை வலப்பக்கம் தள்ளிப்போகும்.

இடைவெளி போட்டுக் கோடுகளை நேராக்கச் சொன்னவர் பாதி சரி: படிக்க உதவும், ஆனால் பத்தியைத் தீர்மானிப்பது கட்டங்களின் எண்ணிக்கைதான். தமிழெழுத்தில் எடிட்டரில் எப்படியும் கோணலாகத்தான் தெரியும்.

கட்டத்துக்குள் கட்டம் வரும் அட்டவணை இன்னும் பாக்கி.