ஆட்சேபணை எதன் மேல்? இரண்டு சொல் தேவை

மணிமேகலை:
வணக்கம். நடுவர் தீர்ப்பாயப் பாடத்துக்கான மாதிரி விசாரணை உரையைத் தமிழாக்கும்போது ஒரு கேள்வியில் நின்றுவிட்டோம்.

வழக்கு இதுதான். கிடங்கு கட்டும் ஒப்பந்தத்தின் 18ஆம் பிரிவு, தகராறு வந்தால் முதலில் 30 நாள் பேசிப் பார்க்க வேண்டும், தீராவிட்டால் ஒரே நடுவர், அமர்விடம் சென்னை என்கிறது. ஒப்பந்ததாரர் பிப்ரவரி 20 அன்று பேச அழைத்துக் கடிதம் அனுப்பினார். மார்ச் 10 அன்று நடுவர் கோரும் நோட்டீஸையும் அனுப்பிவிட்டார். இடையில் 18 நாள்தான். உரிமையாளர் தரப்பு, "நடுவருக்கு அதிகார வரம்பே இல்லை" என்கிறது.

அப்போது நடுவர் கேட்கிறார்: "எனக்கு அதிகாரம் இல்லை என்கிறீர்களா, அல்லது அதிகாரம் உண்டு, ஆனால் இந்தக் கோரிக்கையை இப்போது என் முன் கொண்டுவரக் கூடாது என்கிறீர்களா?" முதலாவது ஜூரிஸ்டிக்ஷன், 'அதிகார வரம்பு' போதும். இரண்டாவது அட்மிசிபிலிட்டி. அதற்கு 'ஏற்புடைமை' என்று போட்டிருந்தோம். சாட்சியச் சட்டத்திலும் அதே சொல் இருப்பதால், படிக்கிற மாணவர் ஆவணத்தை ஏற்பதா என்று விவாதிக்கத் தொடங்கிவிடுவார். வேறு சொல் வேண்டும்.

ரஃபீக்:
அமர்விடம் சென்னை என்றால் சென்னை நீதிமன்றத்துக்குத்தானே வரம்பு? 'ஆள்வரை எல்லை' என்று வைக்கலாம்.

மணிமேகலை:
ரஃபீக் அண்ணா, அது எந்த ஊர் நீதிமன்றம் என்ற கேள்வி. இங்கே கேள்வி நடுவரின் அதிகாரம் பற்றியது. அது ஒப்பந்தத்திலிருந்து வருகிறது.

இளங்கோ:
உரையிலேயே ஒரு பிழை இருக்கிறது. உரிமையாளர் தரப்பு நடுவர் நியமனத்தில் பங்கெடுத்திருக்கிறது. பிறகு ஆட்சேபிக்கும் உரிமை போய்விடும். அந்தக் கேள்வியை நடுவர் கேட்கவே தேவையில்லை.

யாழினி:
இளங்கோ, காலம் தவறினால் உரிமை போகக்கூடும் என்பது சரி. ஆனால் நியமனத்தில் பங்கெடுத்தது மட்டுமே காரணமாகாது என்று இந்தியாவின் 1996 நடுவர் சட்டத்தின் 16(2) பிரிவு தெளிவாகவே சொல்கிறது. எதிருரை தாக்கல் செய்வதற்குள் ஆட்சேபணையை எழுப்ப வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உரையில் எதிருரை ஜூன் 5, ஆட்சேபணை மனு ஜூன் 20. ஆகவே நடுவரின் அடுத்த கேள்வி, "15 நாள் ஏன் தாமதம்?" என்று இருக்க வேண்டும். தாமதம் நியாயமானது என்று கண்டால் 16(4)இன்படி அவர் அனுமதிக்கலாம். பயிற்சியில் மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுவார்கள். 30 நாளைப் பற்றியே பேசிக்கொண்டு இந்த 15 நாளை மறந்துவிடுவார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். இலங்கையில் ஜூரிஸ்டிக்ஷனுக்கு 'நியாயாதிக்கம்' என்போம். இரண்டாவதுக்குத் தமிழக நீதிமன்றப் பேச்சுவழக்கிலேயே ஒரு விதை இருக்கிறது: "மனு விசாரணைக்கு உகந்ததல்ல". அதிலிருந்து 'விசாரணை உகப்பு' ஆக்கலாமா?

இளங்கோ:
நியமனம் பற்றி ஏற்கிறேன். ஆனால் 'விசாரணைக்கு உகந்ததல்ல' என்பது வரம்பில்லாதபோதும் சொல்லப்படுவதாயிற்றே? பிரிக்க வேண்டிய இரண்டையும் அது மறுபடி ஒட்டவைக்கும். 'கோரிக்கைத் தகுதி'?

யாழினி:
'தகுதி' வேண்டாம். "வழக்கின் தகுதி" என்றால் சாராம்சம். ஆட்சேபணை விசாரணையில் அந்தச் சொல் வந்தாலே, பணம் தர வேண்டுமா என்ற விவாதத்துக்குள் மாணவர் போய்விடுவார்.

சொல்லைப் பொறுத்து விளைவும் மாறுகிறது. அதிகார வரம்பு இல்லை என்ற ஆட்சேபணையை நடுவர் ஏற்றால் 37(2)இன்கீழ் மேல்முறையீடு உண்டு. மறுத்தால் உடனே மேல்முறையீடு இல்லை. விசாரணை தொடரும், தீர்ப்பு வந்தபின் 34இன்கீழ்தான் எதிர்க்கலாம். அதனால் நடுவர் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி: "நான் ஏற்றால் உங்களுக்கு என்ன வேண்டும்? கோரிக்கையைத் தள்ளுபடி செய்யவா, மீதி 12 நாள் பேசுவதற்காக நிறுத்திவைக்கவா?" நிறுத்திவைக்கச் சொன்னால், நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

ரஃபீக்:
இப்போது விளங்குகிறது. அப்படியானால் 30 நாள் விதி இரண்டில் எந்த வகை?

யாழினி:
அது எல்லா நாட்டிலும் ஒரே வகையில்லை. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் இத்தகைய முன்நிபந்தனையை வரம்புப் பிரச்சினையாகப் பார்த்தது. ஹாங்காங் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல், தரப்பினர் வேறாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, வரம்பைத் தொடாது என்றது. காலவரம்புச் சட்டத்தால் தடைபடும் கோரிக்கை பொதுவாக இரண்டாவது வகை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. ஆனால் அது வேறு விஷயம், 30 நாளுக்கு அப்படியே பொருந்தாது. உரையில் இரு தரப்புக்கும் வாதம் இருக்கட்டும்.

மணிமேகலை:
அப்போது நடுவரின் வாயில் "எனக்கு வரம்பு இல்லையா, கோரிக்கை இப்போது எடுக்கத்தக்கதில்லையா?" என்று வைக்கிறேன். பெயர்ச்சொல்லாக 'எடுக்கத்தக்கமை' காதுக்குக் கொஞ்சம் கரடாக இருக்கிறது. 'உகப்பு' பக்கம் யாராவது இருந்தால், இளங்கோவின் ஆட்சேபணைக்குப் பதிலோடு எழுதுங்கள்.