புதுப்பிப்பு: லாட் மதிப்பு கையால் 1.10, நிரலில் 0.80

நான் கேட்டிருந்தது: "எட்டுப் பிள்ளைகளில் ஒரே ஒரு மறுசேர்க்கை. கையால் போட்டால் 1.10, நிரல் 0.80 காட்டுகிறது. எங்கே தப்பு?"

உதவியவர்களுக்கு நன்றி. மதுரை அக்கா சொன்னதுதான் சரி. நான் போட்டது இது:

```
log10(0.125 × 0.875^7 / 0.5^8) = 1.10
```

நோய் அப்பாவுக்கு; அவர் மார்க்கர் 3/5. நோய் 5-உடன் ஒட்டி வந்ததாக நானே முடிவு கட்டிவிட்டேன். நிரலுக்கு அது தெரியாததால் இரண்டு வாய்ப்புக்கும் பாதிப்பாதி கொடுத்தது, அதில் log10(2), அதாவது 0.30 போய்விட்டது.

அப்புறம் காரைக்குடிக்குப் போய், வளவில் உட்கார்ந்திருந்த 92 வயது அப்பத்தாவிடம் (அப்பாவைப் பெற்றவர், நோய் இல்லை) எச்சில் மாதிரி வாங்கினேன். "துப்புறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தே?" என்றார். அவருக்கு 3/3. ஆக, 5 அப்பாவைப் பெற்ற ஐயா வழி, நோயும் அந்த ஐயா வழி. நிரலும் 1.10 காட்டியது.

அலீல் அலைவெண்ணை மாற்றச் சொன்ன தம்பி பாதி சரி: பெற்றோரின் மாதிரிகள் கிடைக்காவிட்டால் அது பெரிய விஷயம், இங்கே இருவருடையதும் இருக்கிறது. சொந்தத்தில் கட்டியதாலா என்று கேட்டவருக்கு: இது ஓங்கு நோய், அது வேறு கதை.

எதிர்பாராதது, அந்த ஒரு மறுசேர்க்கை கடைக்குட்டி. 5 இருக்கிறது, நோய் இல்லை, ஆனால் வயது 29. இந்த வீட்டில் நோய் நாற்பதுக்கு மேல்தான் வரும். அவரை 'தெரியாது' என்று போட்டால் 2.11. மதிப்பு ஏறுகிறதே என்று இப்போது மாற்றுவது எனக்கு உறுத்துகிறது, வயது வரம்பை முன்பே வைத்திருக்க வேண்டும். எப்படியும் 3 வரவில்லை. சித்தப்பா வீட்டு மாதிரிகளுக்குக் காத்திருக்கிறேன்.