பொருள்: கிரவுண்ட் லூப் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் தேவை

குன்னூர், மாலை வகுப்புப் பயிற்றுநர்:
எல்லோருக்கும் வணக்கம். கார் ஆடியோ பொருத்துவதற்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கிரவுண்ட் லூப், அதை அறுக்க மாட்டும் ஐசொலேட்டர் இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும்.

போன வாரம் வகுப்புக்கு ஒரு வாடகை ஜீப் வந்தது. பர்லியாறு தாண்டி இரண்டாம் கியரில் ஏறினால் ஸ்பீக்கரில் "ஙீ" என்று ஒரு கத்தல். ஆக்சிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். மலைப்பாதை முழுக்க அதைத்தான் கேட்க வேண்டும், பாட்டை அல்ல. பாட்டுப் பெட்டிக்கு டாஷ்போர்டில் ஓர் இடத்தில் பாடி எர்த், ஆம்ப்ளிஃபயருக்குப் பின்சீட்டுக்கு அடியில் இன்னோர் இடத்தில். இரண்டுக்கும் நடுவே இம்மியளவு வோல்டேஜ் வித்தியாசம். பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் வெளிவலை இரண்டையும் இணைப்பதால் அந்த வித்தியாசம் பாட்டோடு கலந்துவிடுகிறது. இந்தச் சுற்றுக்கு "நிலக்கண்ணி" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அருமை. சங்கிலியில் கண்ணி, பூத்தொடுப்பில் கண்ணி, இரண்டடிப் பாட்டிலும் கண்ணி. தொடுப்பு என்ற பொருள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. ஆனால் சத்தத்துக்கு "ரீங்காரம்" போட்டுவிடாதீர்கள். வண்டு முரல்வதுதான் தமிழ். ஆகவே "முரற்சி". வண்டுக்கே சங்கத்தில் ஞிமிறு என்றொரு பெயர் உண்டே, அதிலிருந்தும் ஒன்று பிடிக்கலாம்.

கூடலூர்:
ஐயா, ஞிமிறை விட்டுவிடுங்கள், பையன்கள் வாயில் நுழையாது. நிலக்கண்ணி என்றால் எனக்குக் கண்ணிவெடிதான் நினைவுக்கு வருகிறது. ஜீப்புக்கு அடியில் நிலக்கண்ணி இருக்கிறது என்று கையேட்டில் படித்தால் ஓட்டுநர் வண்டியிலிருந்து குதித்துவிடுவார். அப்புறம், நாலு ரப்பர் டயரில் நிற்கிற வண்டிக்கு நிலம் ஏது?

கோத்தகிரி:
என் வீட்டு ரேடியோவும் இப்படித்தான் உம்மென்று இரைகிறது. இதே ஐசொலேட்டர் போட்டால் போகுமா?

உதகை, ஆடியோ பொருத்துபவர்:
அக்கா, உங்களுடையது வேறு. கரண்டு ஐம்பது சைக்கிள், அதனால் அந்த உம் ஒரே சுருதியில் நிற்கும். வண்டிச் சத்தம் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும், அது ஆல்டர்னேட்டர் அலை. ரேடியோவுக்கு முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

சார், சொல் இருக்கட்டும். ஐசொலேட்டரை வாங்கச் சொல்வதற்கு முன்னால் சத்தம் எந்த வழியில் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆம்ப்ளிஃபயரில் ஆர்சிஏ கேபிளைப் பிடுங்கி, அந்த ஓட்டையில் உள்முனையையும் வெளிமுனையையும் ஒன்றாக இணைத்த பிளக்கைச் செருகுங்கள். சத்தம் நின்றால் கேபிள் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் பவர் லைனிலோ அதன் எர்த்திலோதான் தேட வேண்டும்.

குன்னூர், பயிற்றுநர்:
செய்து பார்த்தோம், நின்றது. எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, பேட்டரி மைனஸுக்கும் ஆம்ப்ளிஃபயர் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்தால் கால் வோல்ட் காட்டியது. போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயிண்ட், பனிக்காலத்து ஈரத்தில் பிடித்த துருவும் கூட. இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, பவர் வயர் அளவுக்கே தடித்த வயரை ஒன்றரை அடிக்குள் முடித்தோம். இடப்பக்கம் பவர் வயரோடு பின்னிக்கிடந்த ஆர்சிஏ கேபிளை வலப்பக்கம் மாற்றினோம். கடந்தே ஆக வேண்டிய ஓரிடத்தில் குறுக்காகக் கடக்கவிட்டோம். சத்தம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் ஃபோனைச் சார்ஜரில் போட்டு ஆக்ஸ் வயரையும் செருகினால் மட்டும் திரும்ப வருகிறது.

உதகை, ஆடியோ பொருத்துபவர்:
அதுதான் ஐசொலேட்டருக்கான இடம். சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வழியாக இன்னொன்று. உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கிறது: பாட்டு காந்தத்தில் தாண்டிப் போகும், எர்த் கம்பி அறுந்து நிற்கும். விலை குறைந்ததில் இரும்பு சிறிசாக இருப்பதால் அடித்தொனி மெலியும், தவில் தட்டிப் பார்த்தால் தெரியும். எர்த்தைச் சரிசெய்யாமல் இதை மட்டும் ஆர்சிஏவில் மாட்டுவது நோயை மறைப்பது.

கூடலூர்:
அப்படியென்றால் "மின்காப்பான்"?

உதகை, தமிழாசிரியர்:
அது இன்சுலேட்டருக்குப் போய்விட்டது, தம்பி. இது பாட்டை விடுகிறதே! "தொடர்பறுப்பி" என்பேன்.

குன்னூர், பயிற்றுநர்:
தொடர்பறுப்பி சரி. கிரவுண்ட் லூப்புக்கு "எர்த் வளையம்" என்று அச்சுக்கு அனுப்புகிறேன். பட்டறையில் எல்லோரும் எர்த் என்றுதான் சொல்கிறார்கள்.

உதகை, தமிழாசிரியர்:
எர்த்தும் வளையமும்! கலப்பு மணத்துக்கு நான் எதிரியில்லை, ஆனால் "உடற்கண்ணி" என்று அடைப்புக்குறியிலாவது போடுங்கள். பாடி எர்த்தில் பாடி இருக்கிறதே.

கூடலூர்:
உடற்கண்ணி என்றால் பையன்கள் சிரிப்பார்கள் ஐயா.

கோத்தகிரி:
அடாப்டர் மாற்றியாயிற்று. உம் குறைந்திருக்கிறது, போகவில்லை.