ஜூலைத் தாளில் ஒரு டிசம்பர் சங்கதி

வெண்ணாற்றங்கரை

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக் கம்பெனி. பெயர் வேண்டாம். ஆடிட்டுக்குப் போயிருந்தேன். தாய்க் கம்பெனி பங்குச்சந்தையில் இருப்பதால் இவர்களுக்கும் இன்ட் ஏஎஸ் கணக்கு விதிகள். 40 லட்சம் டாலர் வெளிநாட்டுக் கடன், டாலர் ஏறினால் அடி விழாமல் இருக்க அசலுக்கு மட்டும் பேங்கோடு ஒரு ஸ்வாப். இந்த ஸ்வாப் அந்தக் கடனுக்குத்தான் காப்பு என்று தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டிய ஹெட்ஜ் டாக்குமென்ட் எங்கே என்று 4 நாள் கேட்டேன். ஐந்தாம் நாள் டீயோடு சேர்ந்து வந்தது. 3 பக்கம், ஜூலை 10 தேதி, கையெழுத்து, சீல், எல்லாம் இருந்தது.

மூடி வைக்கப் போகும்போது இரண்டாம் பக்கத்தில் கண் நின்றது. கடனின் முதல் தவணை ஜூன் 10 என்று போட்டிருந்தார்கள். மூல ஒப்பந்தத்தில் அது ஏப்ரல் 10. சம்பா நெல் அரிசியாகிப் பணமாக நாளாகும் என்று கேட்டு, டிசம்பரில்தான் ஜூனுக்கு மாற்றி வாங்கினார்கள். அந்தக் கடிதம் என் ஃபைலிலேயே இருந்தது. ஜூலையில் எழுதியவருக்கு அது எப்படித் தெரியும்?

ஃபைனான்ஸ் மேனேஜரிடம் விரல் வைத்துக் காட்டினேன். என் அப்பா வயது. வெகுநேரம் தாளையே பார்த்துவிட்டு, "டைப்பிங் மிஸ்டேக் தம்பி" என்றார். அப்புறம் தணிந்த குரலில், "ஸ்வாப் நிஜமாவே ஜூலையிலதானே போட்டோம்" என்றார். அதுவும் உண்மைதான். அந்தக் குரல்தான் இன்னும் உறுத்துகிறது.

கொள்ளிடம்72

இதற்கு ஏன் இவ்வளவு? கடனை ஆண்டுக் கடைசி விலைக்கு மாற்றினால் வித்தியாசம் லாப நட்டத்துக்குப் போகும். ஸ்வாப்பின் மதிப்பு மாற்றமும் அங்கேதான் போகும். ஒன்றை ஒன்று அடித்துவிடும், தாள் தேவையே இல்லை. நீங்கள் பார்த்திருக்க வேண்டியது, ஸ்வாப் கடனை எவ்வளவு ஈடுகட்டுகிறது என்ற 80–125 சதவீதச் சோதனை. செய்தீர்களா?

திருவாரூர் செல்வி

எங்கள் கம்பெனி கதை வேறு. 2023-இல் வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு டாலர் விலையை முன்கூட்டியே பூட்டும் ஃபார்வர்டு போட்டு, வரப்போகும் விற்பனைக்கு ஹெட்ஜ் என்று தாளெல்லாம் ஒழுங்காக எழுதி வைத்திருந்தோம். ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. விற்பனையே நடக்காது என்றான பிறகு லாப நட்டத்தைத் தொடாமல் ரிசர்வில் ஒதுக்கியதை அப்படியே லாப நட்டத்துக்கு எடுத்து வரச் சொன்னார் ஆடிட்டர். தாள் சரியாக இருந்தும் இந்தக் கதி!

மேலவீதி

செல்வி அம்மா, உங்களுடையது நடக்கப்போகும் விற்பனை. இவருடையது ஏற்கனவே வாங்கிய கடன். இதில் அந்த ஆபத்து குறைவு.

கொள்ளிடம் சார் சொல்வது பாதி சரி. டாலருக்கு 1.40 ரூபாய் ஏறினால் 40 லட்சம் டாலருக்குக் கடன் நட்டம் 56 லட்சம். ஆனால் ஸ்வாப்பின் மதிப்பு டாலர் விலையை மட்டும் பார்ப்பதில்லை. இரு நாட்டு வட்டி இடைவெளி சுருங்கியிருந்தால், பேங்க் அனுப்பும் மதிப்பில் 31 லட்சம் லாபம்தான் இருக்கும். மீதி 25 லட்சம் அந்த ஆண்டு லாபத்தில் ஓட்டை. ஹெட்ஜ் கணக்கு கிடைத்திருந்தால் அது ரிசர்வில் உட்கார்ந்திருக்கும். அந்த 3 பக்கத்தின் விலை அதுதான். 80–125 பழைய ஐஏஎஸ் 39-இல் இருந்தது. இன்ட் ஏஎஸ் 109-இல் அந்தக் கோடு கிடையாது.

தாள் மார்ச்சில் எழுதப்பட்டிருந்தால் மார்ச்சிலிருந்துதான் ஹெட்ஜ் கணக்கு. பின்தேதி செல்லாது. அதோடு, அன்று ஸ்வாப்புக்கு ஏற்கனவே ஒரு மதிப்பு ஏறியிருக்கும், கடனோடு அது முழுதாகப் பொருந்தாது.

நாகை பழைய ஆள்

எனக்கும் ஒருமுறை இப்படி வந்தது. கையெழுத்துப் போட்டவர் வேலையில் சேர்ந்ததே தாளின் தேதிக்கு 4 மாதம் கழித்து. அவ்வளவுதான் என் கதை. தம்பி, இனிமேல் இப்படிச் செய். ஸ்வாப் போட்ட அன்றே டாக்குமென்ட்டை ஸ்கேன் செய்து பேங்குக்கும் உனக்கும் மெயில் போடச் சொல். மெயிலின் தேதியை யாரும் மாற்ற மாட்டார்கள். வேர்ட் ஃபைலைக் கேட்டு வாங்கி, உருவான தேதி பார். ஆனால் காப்பி எடுத்தால் அதுவும் மாறும், அதை மட்டும் நம்பாதே. போர்டு மினிட்ஸ் வாங்கு. பேங்கிடம் உறுதிக் கடிதத்தை நேரடியாகக் கேள், கம்பெனி கையால் வாங்காதே. முக்கியமாக, பின்தேதி போட்டுக் கொடுத்ததை உன் ஆடிட் பார்ட்னரிடம் எழுத்தில் சொன்னாயா? 25 லட்சம் ஒரு பக்கம், ஆடிட்டருக்குப் பொய்த் தாள் கொடுத்தது இன்னொரு பக்கம். மற்ற தாள்களை எப்படி நம்புவாய்?

கொள்ளிடம்72

பொய் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஸ்வாப் இருந்தது, நோக்கம் இருந்தது. எழுத மறந்திருக்கிறார், அவ்வளவே.

மேலவீதி

எழுத மறந்ததற்கும் ஜூலை 10 என்று போட்டதற்கும் வித்தியாசம் உண்டு சார். அது கிடக்கட்டும், வெண்ணாறு தம்பி, கடன் தவணை ஜூனுக்குப் போனதே, ஸ்வாப்பையும் மாற்றினார்களா?

வெண்ணாற்றங்கரை

பார்ட்னரிடம் எழுத்தில் சொன்னேன். 25 லட்சம் லாப நட்டத்துக்குப் போனது. மேனேஜரைப் பற்றி அவர் மேலே யாரிடம் பேசினார் என்று எனக்குச் சொல்லவில்லை.

ஸ்வாப் மாற்றப்படவில்லை. பேங்க் உறுதிக் கடிதத்தில் இன்னும் ஏப்ரல் 10 தான். தாளில் கடன், ஸ்வாப் இரண்டுக்குமே ஜூன் 10. பேங்க் கடிதம் 2 வாரமாக என் மேஜையில் கிடந்தது. பார்ட்னர் கேட்கும்வரை நான் ஒப்பிட்டே பார்க்கவில்லை.