வாடிக்கையாளர் பிடித்துக்கொண்ட வரிக்குக் கணக்குப் பெயர் என்ன?

ஹட்டன், மென்பொருள் எழுதுபவர்:
வணக்கம். தனியாளாக ஒரு கம்பனிக்கு வேலை செய்து ரூபா 160,000க்கு பில் அனுப்பினேன். வங்கிக்கு வந்தது 152,000. மாதத்தில் ஒரு இலட்சத்தைத் தாண்டியதால் 5 வீதம் பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டினார்களாம். நாம் தமிழாக்கும் கணக்கு மென்பொருளில் இந்த 8,000ஐ எந்தப் பெயரில் காட்டுவது? இப்போதைக்கு "வரிக் கழிவு" என்று போட்டிருக்கிறேன்.

பண்டாரவளை, வணிகப்பாட ஆசிரியர்:
கழிவு வேண்டாம் தம்பி. நம் பாடப்புத்தகத்தில் "கொடுத்த கழிவு" என்றால் நாமே விலையில் விட்டுக்கொடுத்தது. "வரிச் செலவு" என்று வையுங்கள். கையைவிட்டுப் போன காசுதானே.

நுவரெலியா, கணக்காளர்:
ஐயா சொன்னதில் முதற்பாதி சரி. ஆனால் அது செலவும் அல்ல. ஆண்டு வருமான வரியில் ஈடுசெய்யக்கூடிய தொகை அது. தனிநபர் வியாபாரத்தில் அந்த வரி உரிமையாளருடையது, வியாபாரத்தினுடையது அல்ல. பில் எழுதும்போது கடன்பட்டோர் வரவு, வருமானம் செலவு, இரண்டும் 160,000. காசு வந்ததும் வங்கி வரவு 152,000, பிடித்த வரி வரவு 8,000, கடன்பட்டோர் செலவு 160,000. (தமிழ்நாட்டு நண்பர்கள் நம் "வரவு" என்பதைப் பற்று என்றும், "செலவு" என்பதை வரவு என்றும் வாசிக்கவும். இந்தக் குழப்பத்துக்கே தனி இழை வேண்டும்.)

152,000ஐ மட்டும் வருமானமாகக் காட்டினால் வருமானம் குறைந்துபோகும், ஈடுசெய்ய வேண்டிய வரியும் கணக்கில் இராது.

பதுளை, வடிவமைப்பாளர்:
எனக்கு 10 வீதம் வெட்டிவிட்டார்கள்! ஒரே மாதத்தில் 70,000 வீதம் இரண்டு பில். முதலாவதற்கு முழுக் காசு வந்தது, இரண்டாவதற்கு 63,000தான்.

நுவரெலியா, கணக்காளர்:
அது 5 வீதம்தான் தங்கச்சி. முதல் பில்லோடு எல்லை தாண்டவில்லை. இரண்டாவது வந்ததும் மாத மொத்தம் 140,000, அதில் 5 வீதம் 7,000. இரண்டு பில்லுக்குமான வரியை ஒன்றாகப் பிடித்திருக்கிறார்கள். ஹட்டன் தம்பி, வரிப் புலத்தை பில்லோடு கட்டாமல் பெறுகையோடு கட்டுங்கள். இல்லாவிட்டால் இவருடைய இரண்டாவது பில் எப்போதும் பிழையாகத்தான் தெரியும்.

ஹட்டன், மென்பொருள் எழுதுபவர்:
சரி. பெயர் "பெறவேண்டிய வரி"?

பண்டாரவளை, வணிகப்பாட ஆசிரியர்:
அதைப் பார்ப்பவர் வாடிக்கையாளரிடம் போய்க் கேட்பார். "பிடிவரி ஈடு"? பொத்தானிலும் அடங்கும்.

நுவரெலியா, கணக்காளர்:
"பிடிவரி ஈடு" எனக்குச் சம்மதம். ஆனால் அதன் பக்கத்தில் "சான்றிதழ் கிடைத்தது" என்றொரு பெட்டி வேண்டும். பிடித்தவர் தரும் சான்றிதழ் இல்லாமல் ஈடு கேட்பது கஷ்டம். அது வராத தொகையைத் தனியாகப் பட்டியலிட்டால் ஆண்டு முடியுமுன்பே துரத்திப் பிடிக்கலாம்.

பதுளை, வடிவமைப்பாளர்:
சான்றிதழ் வரும்வரை அந்த 7,000ஐ கம்பனியின் கடனாகவே வைத்திருந்தால் என்ன?

பண்டாரவளை, வணிகப்பாட ஆசிரியர்:
எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

நுவரெலியா, கணக்காளர்:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பனி தன் புத்தகத்தில் உங்கள் கணக்கை மூடியிருக்கும். மீதிக் கூற்று கேட்டால் இரண்டும் ஒத்துவராது.