அக்கூஸ்டிக் ஷேடோ: கருநிழலா, ஒலிமறைவா?

அன்பர்களுக்கு,
பித்தப்பை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். கல்லுக்குப் பின்னால் தெரியும் கரிய பட்டையைக் 'கருநிழல்' என்று வைத்திருக்கிறேன். கல்லிலுள்ள சுண்ணாம்பு ஒலியைத் தடுப்பதால் அது விழுகிறது என்றும் சேர்த்திருக்கிறேன். பொருந்துகிறதா?
– முகிலன்

முகிலன் ஐயா, அந்தச் சொல் வேண்டாம். என் அறிக்கையில் 'நிழலுடன் கல்' என்று இருந்ததைப் படித்து, கல்லோடு வேறு கட்டியும் இருக்கிறது என்று இரண்டு நாள் தூங்காமல் கிடந்தேன். 'கரு' வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அது இருக்கட்டும், என் கல்லை எடுத்தே ஆக வேண்டுமா?
– கோமதி

கோமதி அம்மா, அதை உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். வலி வந்ததா என்பதைத்தான் அவர் முதலில் விசாரிப்பார்.

முகிலன், சுண்ணாம்பு வரியை எடுத்துவிடுங்கள். அது எக்ஸ்ரே கதை. எக்ஸ்ரேயில் தெரியாத கொலஸ்ட்ரால் கல்லும் ஸ்கேனில் நிழல் காட்டும். கல்லில் பட்ட ஒலியில் ஒரு பங்கு திரும்பிவிடுகிறது, உள்ளே நுழைந்ததைக் கல்லே விழுங்கிவிடுகிறது. அப்பால் ஒலி போகாததால் அங்கிருந்து எதிரொலியும் வராது. எதிரொலி வராத இடத்தைக் கருவி கறுப்பாக விட்டுவிடும்.

பித்தநீரும் கறுப்புதான், ஆனால் காரணம் நேர்மாறு. அதில் ஒலி தாராளமாகப் போகிறது, திருப்பியனுப்பத்தான் ஒன்றுமில்லை. அதனால் பித்தநீருக்கு அடியிலுள்ள திசு அக்கம்பக்கத்தைவிட வெளிச்சமாகத் தெரியும்.

அண்மையில் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்த ஒருவருக்கு ஸ்கேன் பார்த்தேன். 8 மி.மீ. கல்லொன்று பிறைபோல் வெளுத்து, கீழே நிழலோடு தெரிந்தது. இடப்பக்கம் ஒருக்களித்ததும் கல் உருண்டது, நிழலும் கூடவே போனது. பக்கத்தில் 2 மி.மீ. புள்ளி ஒன்று நிழலில்லாமல் இருந்தது. பாலிப் என்ற சதைமுளையோ என்று நினைத்தேன். ஆனால் ஒலிக்கற்றை கல்லைவிட அகலமாக இருந்தால் ஓரங்களில் கசியும் ஒலி நிழலை அழித்துவிடும். குவியத்தை அந்த ஆழத்துக்குக் கொண்டுவந்து அதிர்வெண்ணைக் கூட்டியதும் மெல்லிய நிழல் விழுந்தது. புரட்டியபோது புள்ளியும் உருண்டது. பாலிப் என்றால் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.
– டாக்டர் ரஹீம்

மலைக்கு அப்பால் மழை போய்ச் சேராத நிலத்தை 'மழைமறைவு' என்கிறோமே! அந்த வழியில் 'ஒலிமறைவு' என்றால் என்ன? பொருளொன்று இருப்பதாகக் கோமதி அம்மா பயந்ததுபோல் யாரும் பயப்பட மாட்டார்கள்.
– செந்தில்

நல்ல சொல். 'கருநிழ'லையும் சுண்ணாம்பையும் நீக்கிவிட்டேன்.
– முகிலன்

எனக்கும் பிடிக்கிறது, ஆனால் இரண்டு இடங்களில் இடிக்கிறது. குடல் வாயுவுக்குப் பின்னால் சாம்பல் படிந்த நிழல் விழும்; ஸ்கேன் அறையில் அதை 'அழுக்கு நிழல்' என்போம். 'அழுக்கு மறைவு' என்று யார் வாயில் வரும்? இன்னொன்று, பித்தப்பையின் வளைந்த ஓரத்தில் ஒலி விலகிப்போவதால் கல்லே இல்லாமல் ஒரு நிழல் விழும். அங்கே மறைப்பது எது, செந்தில்?
– ரஹீம்